மலேசியாவில் வீட்டுக்காரர், சென்னையில் குடியிருப்பவர்: வாடகையில் வரி பிடித்துக் கட்டிய அனுபவம்

இந்தியாவில் ஒரு வீடு, அதன் சொந்தக்காரர் மலேசியாவில் வசிக்கிறார் என்றால், வாடகை மாதம் ஐயாயிரம் ரூபாயாக இருந்தாலும் சரி, ஐம்பதாயிரமாக இருந்தாலும் சரி, குடியிருப்பவர் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரவேண்டும். இதைச் சொன்னால் இங்கே சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் நம்புவதில்லை, அங்கே சென்னையில் குடியிருப்பவர்கள் சுத்தமாக நம்புவதில்லை. கல்யாணமாகி இங்கே வந்தவர்கள், ஊரில் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எங்கள் தாமானிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்கள் வீட்டில் குடியிருப்பவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவின் வீடு வில்லிவாக்கத்தில் இருக்கிறது. வாடகை 28,000 ரூபாய். அப்பா இருந்தவரை குடியிருக்கிற தம்பி மாதம் பிறந்தால் அவர் கணக்கில் போட்டுவிடுவார், வரி என்ற பேச்சே எழுந்ததில்லை, எழவும் தேவையில்லை. அப்பா தவறியபின் வீடு என் பெயருக்கு வந்தது. நான் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன், ஆனால் பல வருஷமாகக் கணவரோடு இங்கே இருக்கிறேன், அவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை. வருமான வரிக்குப் பாஸ்போர்ட் முக்கியமில்லை, வருஷத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தோம் என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கில் நான் வெளிநாட்டில் வசிப்பவள்.

விஷயம் வெளியே வந்தது அந்தத் தம்பியின் ஆபீஸில். வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்கிறவர்கள், வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்கவேண்டும். அதுவரை அப்பாவின் பான் கொடுத்து வந்தவர், இப்போது என்னுடையதையும் புது ஒப்பந்தத்தையும் கொடுத்தார். கணக்குப் பிரிவில் இருந்தவர் ஒப்பந்தத்தில் பேராக் முகவரியைப் பார்த்துவிட்டு, "இவங்க வெளிநாட்டுல இருக்காங்களே, வரி பிடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அன்று இரவே எனக்குப் போன்.

"அக்கா, அம்பதாயிரத்துக்கு மேல வாடகை இருந்தாத்தானே பிடிக்கணும்? நம்மது இருபத்தெட்டுதானே?"

அவர் சொன்னது தப்பில்லை, அது வேறு பிரிவு. வீட்டுக்காரர் இந்தியாவிலேயே வசிப்பவராக இருந்து, குடியிருப்பவர் சாதாரணச் சம்பளக்காரராக இருந்தால் 194-ஐபி பிரிவு பொருந்தும். அதில்தான் மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்ற வரம்பு. விகிதம் முன்பு 5 சதவீதம், 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். அது ரொம்ப லேசான வேலை. மாதாமாதம் கட்டவேண்டாம், மார்ச் வாடகையில் (நடுவில் காலி செய்தால் கடைசி மாத வாடகையில்) வருஷம் முழுவதற்கும் சேர்த்துப் பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் 26QC என்ற பாரத்தோடு கட்டினால் போதும். தனி எண் எதுவும் வாங்கவேண்டாம், இரண்டு பேருடைய பானும் இருந்தால் ஆயிற்று. மாதம் 60,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 7,20,000, அதில் 2 சதவீதம் 14,400 ரூபாய், அவ்வளவுதான். குடியிருப்பது கம்பெனியாகவோ, வரித் தணிக்கைக்கு உட்பட்ட வியாபாரியாகவோ இருந்தால் 194-ஐ பிரிவு, 10 சதவீதம், அது இங்கே நமக்கு வேண்டாம்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவரானால் இந்த இரண்டுமே கிடையாது. நேராக 195-ஆம் பிரிவு. அதில் குறைந்தபட்ச வரம்பு என்று ஒன்று இல்லவே இல்லை. விகிதம் 30 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி, மொத்தம் 31.2. எங்கள் கணக்கில் 28,000-க்கு வரி 8,400, செஸ் 336, ஆக மாதம் 8,736 ரூபாய் பிடித்துக்கொண்டு 19,264 ரூபாய்தான் எனக்கு அனுப்பவேண்டும். கேட்டதும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது என்பது நிஜம்.

"அப்படின்னா நான் முழுசா அனுப்பிடறேன் அக்கா, வரியை நீங்களே கட்டிக்குங்களேன்" என்றார் அவர். நல்ல மனசுதான், ஆனால் சட்டம் கேட்பது அவரைத்தான். பிடிக்காமல் விட்டால் அந்த வரிக்கும் வட்டிக்கும் துறை குடியிருப்பவரிடம்தான் வரும், "எனக்கு அவர் வெளிநாட்டில் இருப்பது தெரியாது" என்பது பதிலாகாது. அதனால் வீட்டுக்காரர்கள் எழுத்தில் சொல்லிவிடுவது நியாயம்: இந்தத் தேதியிலிருந்து வீடு என் பெயரில், நான் வெளிநாட்டில் வசிக்கிறேன், என் பான் இது, கணக்கு இது என்று ஒரு கடிதம் போதும். கணக்கு என்கிறபோது, வாடகை போய்ச் சேரவேண்டியது, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு. ஊரில் பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே கிடக்கிறது, அதில் போடச் சொல்கிறேன் என்பவர்கள் முதலில் அதை என்ஆர்ஓவாக மாற்றவேண்டும்.

சரி, கட்டுவது எப்படி?

முதலில் குடியிருப்பவர், வரி பிடித்துக் கட்டுகிறவர்களுக்கான டான் என்ற எண்ணை வாங்கவேண்டும். 26QC மாதிரி பானை வைத்து இதைக் கட்ட முடியாது, இங்கேதான் பலர் வழிதவறுகிறார்கள். வரித்துறையின் இணையதளத்தில் பானை வைத்து உள்ளே போனால் வாடகைக்கு வரி கட்ட 26QC பக்கம் கண்முன்னே இருக்கும், அதில் 31.2 சதவீதத்தைக் கட்டிவிட்டால் எல்லாம் சரி என்று தோன்றும், சரியில்லை, அது உள்ளூர் வீட்டுக்காரருக்கு மட்டும். டானுக்கு 49B என்ற பாரம், புரோட்டியன் என்ற நிறுவனத்தின் இணையதளத்திலேயே போடலாம், கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாலு எழுத்து, ஐந்து எண், கடைசியில் ஒரு எழுத்து என்று பத்து இலக்கத்தில் வரும். தனிநபர் என்று விண்ணப்பித்தால் போதும், கடை கண்ணி இருக்கவேண்டியதில்லை.

டான் வந்ததும் வரித்துறை தளத்தில் அதைப் பதிவு செய்து, அதை வைத்து உள்ளே போய், e-Pay Tax பக்கத்தில் பணம் கட்டவேண்டும். சலான் எண் 281. அதில் கவனமாகப் பார்க்கவேண்டியவை மூன்றுதான். வரி வகை 200 என்பது, அதாவது பிடித்த வரியை, டிடிஎஸ் என்பதை, நாமாகவே கட்டுவது. பிரிவு 195. அப்புறம் மதிப்பீட்டு ஆண்டு: 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை தந்த வாடகைக்கு 2025-26 என்று போடவேண்டும், நடப்பு வருஷத்தைப் போட்டுவிட்டால் பணம் வேறு வருஷத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 8,400-ஐ வரி என்ற கட்டத்திலும் 336-ஐ செஸ் கட்டத்திலும் போட்டார் தம்பி. கட்டி முடித்ததும் வரும் ரசீதில் வங்கியின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், தேதி, ஐந்து இலக்க சலான் எண் மூன்றும் இருக்கும். அந்த ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடச் சொன்னேன், பின்னால் இந்த மூன்று எண்ணும்தான் உயிர்.

கெடு: இந்த மாதம் பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். 7-ஆம் தேதி ஒருநாள் தவறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கவேண்டாம். வட்டி மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், அது கெடு தேதியிலிருந்து ஓடாது, வரி பிடித்த தேதியிலிருந்தே ஓடும், மாதத்தில் ஒருநாள் பட்டாலும் முழு மாதம். ஜூலை 5-ஆம் தேதி வாடகை தந்து வரி பிடித்தவர் ஆகஸ்ட் 7-க்குப் பதில் 8-ஆம் தேதி கட்டினால், ஜூலை ஒரு மாதம் ஆகஸ்ட் ஒரு மாதம் என்று இரண்டு மாத வட்டி, 3 சதவீதம், 8,736-க்கு 262 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் அதைக் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும், அதைச் சரிசெய்ய ஆகும் அலைச்சல் 262 ரூபாய்க்குத் தகாது. தம்பி போனில் எல்லா மாதமும் 5-ஆம் தேதிக்கு நினைவூட்டல் வைத்துக்கொண்டார்.

இதோடு 15CA என்ற இன்னொரு பாரம் உண்டு, வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பணம் தருகிறேன் என்று துறைக்குச் சொல்வது. வருஷத்துக்கு ஐந்து லட்சத்துக்குள் என்றால் அதன் ஏ பகுதி மட்டும், ஆடிட்டர் சான்று தேவையில்லை. எங்கள் வாடகை வருஷத்துக்கு 3,36,000, அதனால் ஏ பகுதியோடு முடிந்தது. பணம் இந்தியாவிலேயே ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குத்தானே போகிறது, இது எதற்கு என்று தம்பி கேட்டார். பணம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைவிட யாருக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள், போட்டுவிடுங்கள் என்றார் நாங்கள் கேட்ட ஆடிட்டர். போட்டுவிட்டார்.

இனி நான் அதிகம் சொல்ல நினைக்கிற இடம். பணம் கட்டியதும் வேலை முடிந்தது என்று குடியிருப்பவர் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டால், அந்த வரி என் பெயரில் ஏறவே ஏறாது. சலானில் என் பெயர் எங்கேயும் இல்லை, அவருடைய டான் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பணம் இன்னாருக்காகக் கட்டியது என்று துறைக்குத் தெரிவது 27Q என்ற காலாண்டு அறிக்கையில்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு ஜூலை 31, அடுத்த காலாண்டுக்கு அக்டோபர் 31, அதற்கடுத்து ஜனவரி 31, கடைசிக் காலாண்டுக்கு மே 31. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய், உச்சவரம்பு அந்தக் காலாண்டின் வரித்தொகை. இருபது நாள் தாமதித்தால் 4,000 ரூபாய், அதுவும் குடியிருப்பவர் தலையில்.

27Q-வைத் தயாரிக்க ஆர்பியூ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பிஎஸ்ஆர் எண், தேதி, சலான் எண், என் பான், தந்த வாடகை, பிடித்த வரி, நான் வசிக்கும் நாடு எல்லாம் நிரப்பி, சரிபார்ப்பு மென்பொருளில் ஓட்டி, வரும் கோப்பை ஏற்றவேண்டும். கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர் செய்துவிடலாம், ஆனால் பார்க்க அழகான மென்பொருள் என்று சொல்லமாட்டேன். தம்பி முதல் காலாண்டுக்கு, இந்த அறிக்கைகளை வாங்கிக்கொள்ளும் டின் வசதி மையம் ஒன்றில் கொடுத்துச் செய்துகொண்டு, அந்தக் கோப்பைப் பார்த்து அடுத்ததைத் தானே செய்தார். ஆடிட்டரிடம் கொடுத்தால் அவர் கூலியை யார் தருவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. என் வரிக்காக அவர் அலைகிறார் என்பதால் அதை நானே தந்தேன்.

சரியாக ஏறியிருக்கிறதா என்று வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பது? வரித்துறை தளத்தில் நம் பானை வைத்து உள்ளே போய் 26AS என்ற பட்டியலைத் திறந்தால், குடியிருப்பவரின் பெயர், டான், பிரிவு, தொகை எல்லாம் வரிசையாக இருக்கும். இங்கே அந்தத் தளம் நடு ராத்திரியில் வேகமாகத் திறக்கும், அது தனிக்கதை. அதில் பிரிவு என்ற இடத்தில் 195 இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலே காலியாக இருந்தால் 27Q போகவில்லை, அல்லது அதில் பான் தப்பாகப் போயிருக்கிறது. 195-க்குப் பதில் 194-ஐ என்று இருந்தால், உள்ளூர்க்காரர்களுக்கான 26Q அறிக்கையில் உங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் தோழிக்கு இதுதான் நடந்தது, வரி கட்டியாயிற்று, ஆனால் உள்ளூர்க்காரராகப் பதிவாகியிருந்தது, திருத்த அறிக்கை போட்டபின்தான் சரியானது. அறிக்கை ஏறியபின் குடியிருப்பவர் வரித்துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து, வரி பிடித்ததற்கான 16A சான்றிதழை எடுத்துத் தரவேண்டும், 27Q கெடுவிலிருந்து 15 நாளுக்குள். தானே டைப் செய்து கையெழுத்துப் போட்டுத் தருவது செல்லாது.

இப்போது, அந்த 31.2 சதவீதம் போனது போனதுதானா? இல்லை. அது முன்பணம் மாதிரிதான், என் உண்மையான வரி வேறு. 2024-25-இல் எனக்கு வந்த வாடகை 3,36,000. கார்ப்பரேஷனுக்குக் கட்டிய சொத்துவரி 6,000 போக 3,30,000. அதில் ரசீது எதுவும் காட்டாமலேயே 30 சதவீதம் கழிவு உண்டு, 99,000. மிச்சம் 2,31,000. இந்தியாவில் எனக்கு வேறு வருமானம் இல்லை, புதிய வரிமுறையில் அந்த வருஷம் முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை. ஆக என் வரி பூஜ்யம். பிடித்த 1,04,832 ரூபாயும் எனக்குத் திரும்பி வரவேண்டியது. அதற்கு ஐடிஆர்-2 தாக்கல் செய்யவேண்டும், ஐடிஆர்-1 வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குக் கிடையாது. பணம் திரும்பி வருகிற என்ஆர்ஓ கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்கவேண்டும். ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த இணைப்பு கட்டாயமில்லை, ஆனால் நாம் வெளிநாட்டில் வசிக்கிறோம் என்பது துறையின் பதிவில் ஏறியிருக்கவேண்டும். பான் செயலிழந்திருந்தால் பணம் திரும்பாது.

வரியே இல்லாத எனக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் முடங்கிக் கிடப்பானேன் என்று இங்கே ஒருவர், 15G எழுதிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்களே என்றார். 15G-யும் 15H-உம் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். இந்தியா–மலேசியா வரி ஒப்பந்தமும் இதில் கைகொடுக்காது, அசையாச் சொத்தின் வருமானத்துக்கு அது இருக்கும் நாடே வரி போடலாம் என்றுதான் அதில் இருக்கிறது. நமக்கு உள்ள வழி 197-ஆம் பிரிவுச் சான்றிதழ். 13 என்ற பாரத்தை டிரேசஸ் தளத்தில் வீட்டுக்காரர் போடவேண்டும்: எதிர்பார்க்கும் வருமானக் கணக்கு, முந்தைய வருஷ ரிட்டர்ன்கள், வாடகை ஒப்பந்தம், குடியிருப்பவரின் டான். அதிகாரி பார்த்து, இவருக்கு இத்தனை ரூபாய் வரை இந்த விகிதத்தில் பிடித்தால் போதும், அல்லது பிடிக்கவே வேண்டாம் என்று சான்று தருவார். அந்தச் சான்று அந்த டானுக்கு மட்டும், அந்த நிதியாண்டுக்கு மட்டும், அதுவும் சான்று தந்த நாளிலிருந்து மட்டும். ஏப்ரல், மேயில் ஏற்கெனவே பிடித்ததை அதைக் காட்டித் திருப்பி வாங்க முடியாது. அதனால் 2025-26-க்கு நான் வருஷத் துவக்கத்திலேயே விண்ணப்பித்தேன். சான்று வந்தபின் தம்பிக்கு மாதாந்தரக் கட்டணம் இல்லை, ஆனால் 27Q அறிக்கை உண்டு, அதில் சான்றிதழ் எண்ணைப் போடவேண்டும்.

மலேசியாவில் இதற்கெல்லாம் பழக்கமே இல்லை. நம் வீட்டில் குடியிருப்பவர் முழு வாடகையைத் தருகிறார், நாமே வருஷாந்தர வரிக்கணக்கான பிஇ பாரத்தில் காட்டுகிறோம், அதோடு சரி. அதனால்தான் எடுத்துச் சொன்னாலும் உறைப்பதில்லை.

வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தால் கணக்கு பிரியும். அண்ணன் சென்னையில், தங்கை இங்கே, ஆளுக்குப் பாதி என்றால், அண்ணனின் 14,000-க்கு எதுவும் பிடிக்கவேண்டாம், தங்கையின் 14,000-க்கு 31.2 சதவீதம், 4,368 ரூபாய். இதற்கு ஒப்பந்தத்தில் பங்கு தெளிவாக இருக்கவேண்டும், வாடகையும் இரண்டு கணக்குக்குத் தனித்தனியாகப் போகவேண்டும். மொத்தத்தையும் அண்ணன் கணக்கில் போட்டுவிட்டு அவர் மலேசிய வெள்ளியாக மாற்றி அனுப்பட்டும் என்று விட்டால், தங்கையின் பங்கில் வரி பிடிக்காமல் விட்டவராகக் குடியிருப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

இன்னொன்று, நான் சொன்ன பிரிவு எண்களும் பார எண்களும் 2025-26 வரைக்கும் உள்ள 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம், அதில் இந்தப் பிடித்தங்கள் 393-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன, எனவே கட்டுகிற நாளில் தளத்தில் காட்டும் எண்ணைப் பார்த்துக் கட்டுங்கள்.

காலி செய்யும் நேரம்தான் இதில் அதிகம் கோட்டை விடும் இடம். திருப்பித் தரும் அட்வான்ஸ் வாடகையில்லை, அதைத் தரும்போது வரி பிடிக்கவேண்டாம். ஆனால் சென்னையில் வழக்கமாக, "கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பார்கள். கழித்த அந்த நிமிஷத்தில் அது வாடகை, அந்த 56,000-க்கு 17,472 ரூபாய் வரி, அதையும் பிடித்துக் கட்டி, அந்தக் காலாண்டு 27Q-விலும் காட்டவேண்டும். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் யார் துரத்துவது? அதனால் புது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: கடைசி மாதங்களின் வாடகை தனியாகத் தரப்படும், அட்வான்ஸில் ஒரு மாத வாடகை அளவு மட்டும் கடைசிக் காலாண்டின் 16A கைக்கு வந்ததும் திருப்பித் தரப்படும். தம்பி அதைப் படித்துவிட்டு, டானை எப்போது சரண்டர் செய்வது என்று மட்டும் கேட்டார். கடைசி 27Q ஏறி, பாக்கி எதுவும் இல்லை என்று டிரேசஸில் பார்த்த பிறகு.